யூடியூப் சேனலின் சாவி யார் யாரிடம் இருக்கிறது? ஓனர், மேனேஜர், எடிட்டர் எதையெல்லாம் பார்க்கலாம்?

ஒரு யூடியூப் சேனலை யார் நடத்துகிறார்கள் என்று வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை. சேனல் பக்கத்தில் பெயர், விளக்கம், சில சமயம் தொடர்புக்கு ஒரு மின்னஞ்சல் இருக்கும், அவ்வளவுதான். நேரலை சாட்டில் பெயருக்குப் பக்கத்தில் ஸ்பேனர் படம் உள்ளவரை "இவர்தான் அட்மின்" என்று பலரும் நினைக்கிறார்கள். அவர் மாடரேட்டர். கமெண்டை நீக்கலாம், மறைக்கலாம். சேனலுக்குள் நுழையும் உரிமை அந்தப் படத்தால் வருவதில்லை. மாடரேட்டர் பட்டியலே தனி. அது சேனலை நிர்வகிக்கும் தளமான யூடியூப் ஸ்டுடியோவின் Settings பகுதியில் Community என்ற தலைப்பின் கீழ் இருக்கும்.

எனவே இந்தக் கேள்விக்கான விடை சேனலுக்குள் இருப்பவருக்கு மட்டும்தான் கிடைக்கும். ஆனால் உள்ளே இருப்பவர்களே அடிக்கடி தவறான பட்டியலைப் பார்த்துவிட்டு "சரியாக இருக்கிறது" என்று மூடிவிடுகிறார்கள். காரணம், யூடியூபில் உரிமை கொடுக்கும் முறைகள் இரண்டு. ஒன்று பிராண்ட் அக்கவுண்ட் என்ற பழைய முறை, இன்னொன்று ஸ்டுடியோவுக்குள்ளேயே இருக்கும் Permissions. இரண்டிலும் "மேனேஜர்" என்ற சொல் உண்டு, ஆனால் அதற்கு இரண்டு இடத்திலும் ஒரே பொருள் இல்லை. முதலில் உங்கள் சேனல் எந்த முறையில் ஓடுகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

முதல் வேலை: எந்த முறை என்று பார்ப்பது

கணினியில் பார்ப்பது நல்லது. திரையில் வரும் பெயர்களை ஆங்கில இடைமுகத்தில் உள்ளபடியே இங்கே தருகிறோம்.

1. உலாவியில் சேனலுக்கான கூகுள் கணக்கு மட்டும் திறந்திருக்கட்டும். நாலைந்து கணக்குகள் ஒன்றாகத் திறந்திருந்தால் நீங்கள் எந்தக் கணக்காகப் பார்க்கிறீர்கள் என்பதே குழம்பிவிடும். தனியாக ஒரு இன்காக்னிட்டோ சன்னல் திறந்து நுழைவது எளிது.

2. `myaccount.google.com/brandaccounts` என்ற முகவரிக்குப் போங்கள். உங்கள் கணக்கோடு இணைந்த பிராண்ட் அக்கவுண்ட்கள் அங்கே வரிசையாகத் தெரியும். அந்த வரிசையில் உங்கள் சேனலின் பெயர் இருந்தால் அது பிராண்ட் அக்கவுண்டில் உள்ள சேனல். பெயர் இல்லையென்றால் அது தனிப்பட்ட கூகுள் கணக்கில் நேரடியாகத் தொடங்கப்பட்ட சேனலாக இருக்கலாம், அல்லது உங்களுக்கு ஸ்டுடியோ வழியாக மட்டும் உரிமை கொடுத்திருக்கலாம்.

3. அடுத்து `studio.youtube.com` திறந்து, இடது பக்கம் கீழே உள்ள Settings, அதற்குள் Permissions. இங்கே பெயர்களும் அவற்றுக்கு எதிரே பொறுப்புகளும் வந்தால் புதிய முறை. பெயர்களுக்குப் பதிலாக, உரிமைகளை பிராண்ட் அக்கவுண்டில் போய்ப் பார்க்கச் சொல்லும் இணைப்போ, Move permissions என்ற பொத்தானோ இருந்தால் பழைய முறை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

சேனல் கணக்கின் மின்னஞ்சலாக `@pages.plusgoogle.com` என்று முடியும் விசித்திரமான முகவரி ஒன்று தெரிந்தால் பயப்பட வேண்டாம், யாரும் ஹேக் செய்யவில்லை. பிராண்ட் அக்கவுண்டுக்கு கூகுள் தானாக வைக்கும் உள்முகவரி அது. அதற்குத் தனி இன்பாக்ஸும் கடவுச்சொல்லும் கிடையாது. அந்த முகவரிக்கு மெயில் போட்டு ஓனரைத் தேடுவதில் பயனில்லை.

பழைய முறையில் யார் யார் இருக்கிறார்கள்

பிராண்ட் அக்கவுண்ட் பக்கத்தில் சேனலின் பெயரை அழுத்தி Manage permissions உள்ளே போனால் ஆட்களின் பட்டியல் வரும். அங்கே நான்கு வகைப் பெயர்களைக் காணலாம். Primary owner என்பவர் ஒருவர்தான் இருக்க முடியும். அவருக்குக் கீழே Owner எத்தனை பேர் வேண்டுமானாலும் இருக்கலாம். பிறகு Manager. கடைசியாக Communications manager என்று ஒரு பொறுப்பு உண்டு. அதைக் கொடுத்தால் அந்த நபரால் யூடியூபைப் பயன்படுத்தவே முடியாது. "சேர்த்துவிட்டேன், ஆனால் அவருக்குச் சேனல் தெரியவில்லை" என்ற புகார் வந்தால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

பழைய முறையில் ஆட்களைச் சேர்ப்பதும் நீக்குவதும் ஓனர்களின் கையில் இருக்கிறது, மேனேஜரால் முடியாது. ஆனால் மேனேஜர் சேனலாகவே மாறி உள்ளே நுழைகிறார். வீடியோ ஏற்றுவது, கமெண்ட் போடுவது எல்லாம் சேனல் பெயரில் நடக்கும். அதோடு அந்தக் கணக்கின் பார்வை வரலாறு, சந்தாக்கள், தனிப் பட்டியல்களும் எல்லோருக்கும் பொதுவாகிவிடும். ஒருவர் சேனல் கணக்கில் இருந்தபடியே இரவு பொழுதுபோக்குக்காகப் பார்த்தவை மறுநாள் காலை மற்றவரின் முகப்பில் வந்து நிற்பது இதனால்தான்.

முதன்மை ஓனர் யார் என்பதைக் கட்டாயம் பார்த்துக்கொள்ளுங்கள். சேனல் தொடங்கும்போது உதவிய நண்பரோ, அமைத்துக் கொடுத்த ஆளோ அந்த இடத்தில் அப்படியே இருந்துவிடுவது சகஜம். அதை மாற்ற வேண்டுமானால், பொறுப்பு ஏற்கப்போகும் நபர் ஏற்கெனவே குறைந்தது 7 நாள் ஓனராக இருந்திருக்க வேண்டும். இன்று ஓனராகச் சேர்த்துவிட்டு இன்றே முதன்மை ஓனர் ஆக்கப் பார்த்தால் நடக்காது. ஒப்பந்தம், கைமாற்றம் என்று நாள் குறிக்கும்போது இந்த ஒரு வாரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

புதிய முறையில் யார் எதைப் பார்க்கிறார்கள்

ஸ்டுடியோவின் Permissions பக்கத்தில் பெயர், மின்னஞ்சல், பொறுப்பு மூன்றும் தெரியும். அழைப்பு அனுப்பி இன்னும் ஏற்காதவர்களும் அதே பட்டியலில் இருப்பார்கள். அழைப்பு 30 நாள் வரைதான் செல்லும். அதன் பிறகு திரும்ப அனுப்ப வேண்டும். இந்த முறையில் யாருக்கும் உங்கள் கூகுள் கணக்கின் கடவுச்சொல் போவதில்லை. உங்கள் ஜிமெயில், உங்கள் சொந்தப் பார்வை வரலாறு எதுவும் அவர்கள் கண்ணில் படாது.

ஓனரால் எல்லாமே முடியும். சேனலை அழிப்பது அவரால் மட்டுமே முடியும். ஆனால் இந்தப் பக்கத்தை வைத்து ஓனர் பதவியை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. தனிப்பட்ட கூகுள் கணக்கில் ஓடும் சேனலில் இது முக்கியமான வரம்பு. அந்தக் கணக்கு போனால் சேனலும் போய்விடும்.

மேனேஜர் ஏறக்குறைய ஓனர் மாதிரிதான். சேனலின் எல்லாத் தகவலையும் பார்ப்பார், வருமானம் உட்பட. வெளியிட்ட வீடியோவை நீக்கலாம், நேரலை நடத்தலாம், சேனலின் பெயர், படம், விளக்கத்தை மாற்றலாம். இதற்கு மேல், பழைய முறையில் இல்லாத ஒரு அதிகாரம் இவருக்கு உண்டு: ஆட்களைச் சேர்க்கலாம், நீக்கலாம். பழைய முறையில் "மேனேஜர்தானே" என்று தாராளமாகக் கொடுத்துப் பழகியவர்கள் அதே பழக்கத்தில் இங்கேயும் கொடுத்துவிட்டால், உங்களுக்குத் தெரியாமல் பட்டியலில் புதுப் பெயர்கள் சேரக்கூடும். எங்கள் கருத்தில் ஒரு சேனலுக்கு ஓனரைத் தவிர ஒரு மேனேஜர் போதும். ஓனர் கிடைக்காத நாளில் வேலை நிற்காமல் இருக்க அந்த ஒருவர்.

எடிட்டரைப் பற்றித்தான் தவறான எண்ணம் அதிகம். பெயரைப் பார்த்து "வீடியோ வெட்டுபவருக்கு இது" என்று கொடுத்துவிடுகிறார்கள். எடிட்டரால் வீடியோ ஏற்றலாம், வெளியிடலாம், தலைப்பு, சிறுபடம், விளக்கம் எல்லாம் மாற்றலாம், நேரலை நடத்தலாம், ஸ்டுடியோவிலிருந்து சேனல் பெயரில் பதில் கமெண்ட் போடலாம். முடியாதவை என்று பார்த்தால், வெளியிட்ட வீடியோவை நீக்க முடியாது, வரைவுகளை மட்டும் நீக்கலாம். ஆட்களைச் சேர்க்கவோ நீக்கவோ முடியாது. ஒப்பந்தங்களை ஏற்க முடியாது. நேரலை மென்பொருளைச் சேனலோடு இணைக்கும் ஸ்ட்ரீம் கீயை மாற்றியமைக்க முடியாது.

ஆனால் பார்ப்பதில் அவருக்கு எந்தத் தடையும் இல்லை. சேனலின் முழு வருமானமும் எடிட்டருக்குத் தெரியும். இன்னும் வெளிவராத, பிரைவேட்டாக வைத்த வீடியோக்களும் தெரியும். மாதச் சம்பளம் பேசி ஒருவரை எடிட்டராகப் போட்டுவிட்டு, சேனலின் வருமானம் அவருக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர்.

இதற்காகவே எடிட்டர் என்ற பெயருக்குப் பக்கத்தில் limited என்று சேர்த்து இன்னொரு வகை இருக்கிறது. வேலையில் எந்தக் குறையும் இல்லை, எடிட்டர் செய்வதையெல்லாம் செய்யலாம். வருமான விவரம் மட்டும் தெரியாது, நேரலை சாட்டில் வரும் வருவாயும் சேர்த்து. வெளியாளுக்கு எடிட்டிங் வேலை கொடுக்கும்போது இதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும்.

மற்ற மூன்றும் எளியவை. Subtitle editor வசன வரிகளை மட்டும் எழுதி, திருத்தி, வெளியிடுவார். Viewer எதையும் தொட முடியாது, ஆனால் வருமானம் உட்பட எல்லாவற்றையும் பார்ப்பார். ஸ்ட்ரீம் கீ மட்டும் அவருக்குத் தெரியாது. Viewer வகையிலும் limited உண்டு, அதில் வருமானம் மறையும்.

ஒரு குழுவை வைத்துப் போட்டுப் பார்ப்போம்

வருமானம் வரும் ஒரு சேனல், நடத்துபவரோடு நாலு பேர் என்று வைத்துக்கொள்வோம். கூடவே இருக்கும் பங்குதாரர் ஒருவர், வீடியோ வெட்டி ஏற்றுபவர் ஒருவர், வசன வரி எழுதுபவர் ஒருவர், கணக்கு பார்ப்பவர் ஒருவர். இதுவரை எல்லோரும் ஒரே கடவுச்சொல்லில் நுழைந்துகொண்டிருந்தார்கள். இனி பங்குதாரருக்கு மேனேஜர், வெட்டுபவருக்கு லிமிடெட் எடிட்டர், வசனம் எழுதுபவருக்கு Subtitle editor. கணக்கு பார்ப்பவருக்கு லிமிடெட் இல்லாத Viewer. limited என்று இருப்பதுதான் பத்திரம் என்று நினைத்து அவருக்கும் அதையே கொடுத்தால், அவர் பார்க்க வேண்டிய எண்ணே மறைந்துவிடும்.

சேர்க்கும் முறை இது:

1. Permissions பக்கத்தில் Invite அழுத்தி, அவரவர் சொந்தக் கூகுள் கணக்கின் மின்னஞ்சலைப் போடுங்கள்.
2. பொறுப்பைத் தேர்ந்தெடுத்து Done அழுத்துங்கள்.
3. பிறகு கீழே உள்ள Save. இதை மறந்துவிட்டுச் சன்னலை மூடினால் எதுவும் நடந்திருக்காது. அழைப்பு வரவில்லை என்ற புகார்களில் கணிசமானவற்றுக்குக் காரணம் இதுதான்.
4. அவர் மெயிலில் வரும் அழைப்பை ஏற்றதும், யூடியூபில் தன் படத்தை அழுத்தி Switch account போனால் சேனல் பெயர் தெரியும்.
5. நாலு பேரும் உள்ளே வந்துவிட்டார்கள் என்று உறுதியான பிறகு, பழைய கடவுச்சொல்லை மாற்றுங்கள். முன்பே மாற்றினால் நடுவில் வேலை நிற்கும். மாற்றாமல் விட்டால் இத்தனையும் செய்ததில் அர்த்தமில்லை.

நாலாவது படியில் சேனல் தெரியவில்லை என்றால், பெரும்பாலும் அவர் வேறு கணக்கில் இருக்கிறார். அலுவலக மெயிலுக்கு வந்த அழைப்பை, சொந்த ஜிமெயில் திறந்திருக்கும் உலாவியில் அழுத்துவது வழக்கமான தவறு. அழைப்பு எந்த முகவரிக்குப் போனதோ அதே கணக்கில் நுழைந்து பார்க்கச் சொல்லுங்கள். இன்னொரு தடையும் உண்டு. 2021 நவம்பர் 1 முதல், வருமானம் பெறும் சேனல்களின் ஸ்டுடியோவுக்குள் நுழைய இரண்டு படிச் சரிபார்ப்பு கட்டாயம். அவரவர் கணக்கில் அது இயங்க வேண்டும். கடவுச்சொல்லைப் பகிர்ந்த காலத்தில் ஓடிபிக்காக ஓனரை எழுப்பியதுபோல இப்போது எழுப்ப வேண்டாம், அவரவர் போனுக்கே வரும்.

இந்தக் குழுவில் முதல் வாரமே வரக்கூடிய சிக்கல்களைப் பார்ப்போம். வெட்டுபவர் தவறான கோப்பை ஏற்றி வெளியிட்டுவிடுகிறார். நீக்கப் போனால் அவரால் முடியாது. அவர் செய்யக்கூடியது, அந்த வீடியோவின் Visibility பகுதியில் Private என்று மாற்றிவிடுவது. பார்வையாளர்களுக்கு உடனே மறைந்துவிடும். ஓனரோ மேனேஜரோ பிறகு நிதானமாக நீக்கிக்கொள்ளலாம். இதை முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டால் நள்ளிரவு அழைப்புகள் குறையும்.

அடுத்து, அதே ஆள் தன் கணினியில் உள்ள நேரலை மென்பொருளில் யூடியூப் கணக்கை இணைக்கிறார். அங்கே சேனல் பெயர் வரவே இல்லை. அவர் தவறு இல்லை. ஸ்டுடியோ வழியாகக் கொடுத்த உரிமை, வெளி மென்பொருள்கள் யூடியூபோடு பேசும் வழியான ஏபிஐ மூலம் இயங்கும் கருவிகளில் செல்லாது. யூடியூப் மியூசிக், யூடியூப் கிட்ஸ் செயலிகளிலும் செல்லாது. நேரலை மட்டும்தான் தேவை என்றால், கணக்கை இணைக்காமல் ஸ்டுடியோவிலிருந்து ஸ்ட்ரீம் கீயை எடுத்து மென்பொருளில் ஒட்டினால் போதும். பல கருவிகளை நம்பி ஓடும் பெரிய குழுக்கள் இன்னும் பிராண்ட் அக்கவுண்டை விடாமல் இருப்பதற்கு இது ஒரு காரணம்.

மூன்றாவதாக, கணக்கு பார்ப்பவர் "இந்த மாதம் வங்கிக்கு எவ்வளவு வந்தது என்று தெரியவில்லையே" என்கிறார். ஸ்டுடியோவில் தெரிவது மதிப்பிடப்பட்ட வருமானம். பணம் போகும் இடம், வங்கி விவரம், பட்டுவாடா எல்லாம் ஆட்சென்ஸ் கணக்கில் இருக்கிறது. சேனலில் எந்தப் பொறுப்பு கொடுத்தாலும் ஆட்சென்ஸ் திறக்காது. அங்கே பார்க்க வேண்டுமானால் ஆட்சென்ஸில் தனியாகத்தான் உரிமை கொடுக்க வேண்டும். சேனலில் யாரை நீக்கினாலும் ஆட்சென்ஸில் உள்ள பெயர் தானாக நீங்காது என்பதையும் இதனால் நினைவில் வையுங்கள்.

பழையதிலிருந்து புதியதுக்கு மாறும்போது

எடிட்டர், Viewer போன்ற பிரிவுகள் ஸ்டுடியோ முறையில்தான் உண்டு. பிராண்ட் அக்கவுண்டில் ஓடும் சேனலுக்கு அவை வேண்டுமானால் ஓனர் Permissions பக்கத்தில் Move permissions அழுத்தி மாற வேண்டும். மாறுவதற்கு முன் பழைய பட்டியலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். மாறிய பிறகு புதிய பட்டியலோடு ஒவ்வொரு பெயராக ஒப்பிட்டு, விடுபட்டவர்களுக்கு அழைப்பு அனுப்புங்கள். பழைய பொறுப்பை அப்படியே திரும்பக் கொடுக்காதீர்கள். பழைய மேனேஜர்களில் பலருக்கு இங்கே எடிட்டர் போதும், சிலருக்கு லிமிடெட் எடிட்டரே போதும். மறுநாளே நேரலையோ முக்கியமான வெளியீடோ இருந்தால் இந்த வேலையை அன்று தொடாதீர்கள்.

ஒருவர் விலகும்போது

ஸ்டுடியோ பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே உள்ள பொறுப்பை அழுத்தி Remove access, பிறகு Save. சேனல் பிராண்ட் அக்கவுண்டில் இருந்தால் அந்தப் பட்டியலையும் திறந்து பார்த்து அங்கிருந்தும் நீக்குங்கள். ஒரு பட்டியலில் பெயர் இல்லை என்பதை வைத்து இன்னொன்றிலும் இல்லை என்று முடிவு செய்யக்கூடாது.

பெயரை எடுத்த பிறகும் அவர் கையில் மிஞ்சக்கூடிய ஒன்று ஸ்ட்ரீம் கீ. அது ஒரு எழுத்துக்கோவை. அதைத் தன் மென்பொருளில் சேமித்து வைத்திருப்பவர், சேனலுக்குள் நுழையாமலேயே உங்கள் சேனலில் படம் அனுப்ப முடியும். எனவே ஸ்டுடியோவில் Create, அதில் Go live, அங்கே Stream பகுதிக்குப் போய் கீக்குப் பக்கத்தில் உள்ள Reset அழுத்துங்கள். பழைய கீ அந்த நொடியே செல்லாமல் போகும். நேரலை நடத்தும் மற்றவர்களுக்குப் புதிய கீயைக் கொடுக்க மறந்தால் அடுத்த ஒளிபரப்பு இணையாமல் நிற்கும், அதனால் இதையும் உடனே சொல்லிவிடுங்கள்.

அதே கையோடு Community பகுதியில் மாடரேட்டர் பட்டியல், ஆட்சென்ஸில் உள்ள பயனர்கள், ஓனர் கணக்கில் `myaccount.google.com/connections` பக்கத்தில் தெரியும் வெளிச் செயலிகள் மூன்றையும் பார்த்துவிடுங்கள். விலகியவர் தன் வசதிக்காக ஓனர் கணக்கோடு இணைத்த கருவி ஏதாவது இருந்தால் இந்தக் கடைசிப் பக்கத்தில்தான் இருக்கும்.